பூஜ்ய வட்டிக்கும் விலை உண்டு

'உங்கள் பழைய கார்டு பாக்கியை எங்களிடம் மாற்றுங்கள், வட்டியே இல்லை' என்று வங்கியிலிருந்து அழைப்பு வந்தால் மனம் சபலப்படுவது இயல்பு. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்றரை சதவீதம், சில கார்டுகளில் அதற்கு மேலும் வட்டி போகிறது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. பாக்கியை மலிவான கார்டுக்கு மாற்றும் 'பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்' நல்ல வழிதான். ஆனால் வட்டியில் விட்டுக்கொடுப்பதை வங்கி பிராசசிங் கட்டணத்தில் பிடித்துக்கொள்ளும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாக்கி 60,000 ரூபாய். மாதக் கடைசியில் 10,000 வீதம் ஆறு மாதத்தில் கட்டி முடிக்க உங்களால் முடியும். பழைய கார்டிலேயே இருந்தால், குறையும் பாக்கிக்கு மூன்றரை சதவீத வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்த்து மொத்தம் 8,673 ரூபாய் போகும்.

முதல் வங்கி மூன்று மாதத்துக்கு வட்டி இல்லை என்கிறது. கட்டணம் 3 சதவீதம். அது 1,800 ரூபாய், ஜிஎஸ்டியோடு 2,124. மூன்று மாதம் முடியும்போது இன்னும் 30,000 பாக்கி நிற்கும். சலுகை முடிந்ததும் பழையபடி மூன்றரை சதவீதம் ஏறிக்கொள்ளும்; அதற்கு இன்னொரு 2,478. ஆக மொத்தச் செலவு 4,602.

இரண்டாவது வங்கி ஆறு மாதத்துக்கு மாதம் 1 சதவீத வட்டி கேட்கிறது. கட்டணமும் 1 சதவீதம்தான். கட்டணம் ஜிஎஸ்டியோடு 708, வட்டி ஜிஎஸ்டியோடு 2,478. மொத்தம் 3,186. வட்டி கேட்கும் வங்கியே இங்கே மலிவு!

மாதம் 20,000 வீதம் மூன்றே மாதத்தில் முடிப்பவருக்கு இரண்டு வங்கியிலும் 2,124தான் ஆகும். பாக்கியை இருபது நாளில் முழுதாக அடைக்கக்கூடியவர் முதல் சலுகைக்கு மாறவே கூடாது. பழைய கார்டில் அந்த இருபது நாள் வட்டி ஜிஎஸ்டியோடு சுமார் 1,650தான். கட்டணமோ முன்கூட்டியே முழுத் தொகைக்கும் போய்விடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. மாற்றிய பாக்கி நிலுவையில் இருக்கும்வரை, புதிய கார்டில் வாங்கும் பொருளுக்கு வழக்கமான வட்டியில்லா நாட்கள் பெரும்பாலும் கிடைக்காது. வாங்கிய நாளிலிருந்தே முழு வட்டி ஓடும். மளிகை வாங்கவும் பெட்ரோல் போடவும் அந்தக் கார்டைத் தேய்த்தால் மிச்சம் பிடித்தது அதிலேயே கரையும். பணம் பழைய கார்டில் வரவு வைக்கப்படும்வரை அதற்கான மினிமம் டியூவை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் தாமதக் கட்டணம் விழும்.

அழைப்பவரிடம் வட்டி எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். கட்டணம் எவ்வளவு, சலுகை எத்தனை மாதம், முடிந்ததும் வட்டி எவ்வளவு, முன்கூட்டி அடைத்தால் அபராதம் உண்டா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்பதை நேர்மையாகக் கணக்கிட்ட பிறகே சம்மதம் சொல்லுங்கள்.