சுமார் 300 பவுன்

நகைக்கடையில் திருட்டு நடந்த மறுநாள் காலை காவல் நிலையத்தில் கொடுக்கும் புகாரில் 'சுமார் 300 பவுன் போய்விட்டது' என்று எழுதுவது வழக்கம். உடைந்த பூட்டுக்கு முன்னால் நிற்பவரால் கிராம் கணக்கு பார்க்க முடியாது. எஃப்.ஐ.ஆர். பதிவு செய்ய அந்தத் தோராயமே போதும். ஆனால் அதே எண்ணை இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அனுப்பும் இழப்பீட்டுக் கடிதத்திலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். பாதி வழக்குகளுக்கு விதை அங்கேதான் விழுகிறது என்பது என் எண்ணம்.

நகைக்கடைக்காரர்கள் எடுக்கும் காப்பீட்டுக்கு 'ஜுவல்லர்ஸ் பிளாக் பாலிசி' என்று பெயர். கடைக்குள் இருக்கும் சரக்கு, ஊழியர் கையில் வெளியே போகும் சரக்கு, அனுப்பிவைக்கும் சரக்கு, மேசை நாற்காலி என்று தனித்தனிப் பிரிவுகள் அதில் உண்டு. இழப்பீடு கோரியதும் கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பும். அவருக்கு மூன்று விடைகள் வேண்டும். எவ்வளவு இருந்தது, எங்கே இருந்தது, எப்படி வெளியே போனது? முதலாவதை ஸ்டாக் ரிஜிஸ்டரும், இரண்டாவதை சேஃபும், மூன்றாவதை கேமராவும் சொல்ல வேண்டும். ஒன்றின் வேலையை இன்னொன்றால் செய்ய முடியாது. திருடன் பையை நிரப்புவதைக் கேமரா காட்டும். பைக்குள் எத்தனை கிராம் போனது என்று அது காட்டாது.

விளக்கத்துக்காக ஒரு சிறு ஊர்க் கடையை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏப்ரல் 1-ஆம் தேதி இருப்பு 4,210.350 கிராம். அன்றிலிருந்து திருட்டு நடந்த இரவு வரை கொள்முதலாகவும் பட்டறையிலிருந்தும் வந்தது 2,865.200 கிராம். விற்றதும் ஆசாரிகளுக்குக் கொடுத்ததும் சேர்த்து வெளியே போனது 3,216.390 கிராம். ஆக, ஏட்டின்படி கடையில் இருக்க வேண்டியது 3,859.160 கிராம். திருட்டுக்குப் பின் சர்வேயர் முன்னிலையில் தராசில் வைத்துப் பார்த்தால் மிச்சம் 1,460.210. வித்தியாசம் 2,398.950 கிராம். ஏறக்குறைய 300 பவுன்தான், புகாரில் சொன்னது சரி என்று உரிமையாளருக்கு நிம்மதி வரும்.

அந்த நிம்மதி சில நாள்தான். அன்று பகலில் 86.250 கிராம் வளையல்கள் ஹால்மார்க் மையத்துக்குப் போயிருக்கின்றன. சலான் போட்டாயிற்று, ஏட்டில் ஏற்றவில்லை. வளையல்கள் இன்னும் மையத்தில் பத்திரமாக இருக்கின்றன. அவற்றைக் கழித்தால் உண்மையில் திருடுபோனது 2,312.700 கிராம். பெரும்பாலான கடைகளில் இடறும் இடம் இதுதான்: பார்க்கக் கொடுத்தனுப்பிய நகை, பழுதுபார்க்க வந்த வாடிக்கையாளர் நகை, மாலையில் வந்து இன்னும் உருக்காத பழைய தங்கம். இவை அன்றன்றைக்கே ஏட்டில் ஏறாவிட்டால், திருட்டுக்குப் பிறகு எழுதும் எந்தப் பதிவையும் சர்வேயர் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

ஏடு மட்டும் பேசினால் போதாது. கொள்முதல் பில், ஜி.எஸ்.டி. கணக்கு, ஹால்மார்க் மையத்தின் பதிவு மூன்றும் அதோடு ஒத்துப்போக வேண்டும். ஹால்மார்க் நகை ஒவ்வொன்றிலும் இப்போது எச்.யூ.ஐ.டி. என்ற ஆறு இலக்க அடையாளம் இருக்கிறது. அந்த எண்களோடு பட்டியல் கொடுத்தால் 'சங்கிலி 40' என்பது நாற்பது தனித்தனி நகைகளாகிவிடும். திருடுபோன சரக்குக்கு எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று ஜி.எஸ்.டி. சட்டத்தின் 17(5) பிரிவு சொல்கிறது. கடிதத்தில் ஒரு எடை, வரிக்கணக்கில் இன்னொரு எடை என்றிருந்தால் கேள்வி வரும்.

அடுத்தது சேஃப். இந்தப் பாலிசிகளில் மிக முக்கியமான விலக்கு ஒன்று உண்டு: கடை மூடிய பிறகு சேஃபுக்கு வெளியே, ஷோகேஸில் விட்டுவைத்த நகைக்கு இழப்பீடு கிடையாது. கடைக்காரர்கள் பலர் இதைத் திருட்டு நடந்த பிறகுதான் முதன்முதலாகப் படிக்கிறார்கள். நம் கடையில் அன்றிரவு 240.400 கிராம் ஷோகேஸ் தட்டிலேயே இருந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் கேட்க முடிந்தது 2,072.300 கிராமுக்குத்தான். இரண்டையும் கலந்து எழுதினால், முதலில் திருடன் ஷோகேஸ் தட்டை வாரியதைக் கேமராவே காட்டிக்கொடுக்கும். பிறகு சேஃபில் இருந்ததாகச் சொல்லும் எடையையும் நம்ப மாட்டார்கள்.

சேஃபைப் பற்றிக் கடிதத்தில் தயாரிப்பாளர் பெயர், வரிசை எண், வாங்கிய ஆண்டு, ஐ.எஸ். 550 தரமுத்திரை உண்டா, எத்தனை பூட்டு, சாவிகள் யார் யாரிடம் என்பதெல்லாம் வர வேண்டும். சாவிக்குத் தனி காரணம் இருக்கிறது. சாவி போட்டுத் திறந்த திருட்டுக்கு, அந்தச் சாவியை மிரட்டியோ அடித்தோ பிடுங்கியிருந்தால் ஒழிய, பொதுவாக இழப்பீடு கிடையாது. ஊழியரே செய்த திருட்டும் பெரும்பாலும் விலக்குதான். அதனால் சேஃப் உடைபட்ட தடயம்தான் கடைக்காரருக்குப் பெரிய சாட்சி. கேஸ் கட்டர் வைத்திருந்தால் வெட்டு விளிம்பில் உருகி உறைந்த கசடும் கரியும் நிற்கும். துளையிட்டிருந்தால் தரையில் இரும்புச் சுருள் கிடக்கும். சர்வேயர் படம் எடுக்கும்வரை அதைத் துடைக்கவோ கதவை மாற்றவோ கூடாது. கடையைச் சுத்தம் செய்து திறந்துவிட வேண்டும் என்ற துடிப்பு இயல்புதான். ஆனாலும் பொறுக்க வேண்டும்.

கேமராப் பதிவு சேஃபோடு சேர்த்துப் படிக்கப்படும். 2019 அக்டோபரில் திருச்சி நகைக்கடை ஒன்றில் சுவரைத் துளைத்து வந்தவர்கள் விலங்கு முகமூடி போட்டிருந்தார்கள். 2021 டிசம்பரில் வேலூரிலும் சுவர்த் துளை, முகமூடிதான். முகம் தெரியாவிட்டாலும் பதிவு வீணில்லை. இழப்பீட்டுக்கு முகத்தைவிட நேரம் முக்கியம். நம் கடையில் திருடன் உள்ளே வந்தது திரையில் 2:03, வெளியேறியது 2:42. இந்த 39 நிமிடத்தில் அந்த சேஃபை வெட்ட முடியுமா என்று சர்வேயர் ஒரு தொழில்நுட்பரைக் கேட்பார். டி.வி.ஆர். கடிகாரம் 11 நிமிடம் வேகமாக ஓடினால் உண்மை நேரம் 1:52. தெருமுனைக் கேமராவோ அக்கம்பக்கத்துச் சாட்சியோ அந்த நேரத்தைத்தான் சொல்லும். அன்றைக்கே கைபேசி நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தைக் கடிதத்தில் எழுதிவிட்டால் அது முரண்பாடாக வளராது.

டி.வி.ஆர். நிரம்பியதும் பழைய பதிவின் மேலேயே எழுதும். பல கடைகளில் 15 நாளிலிருந்து 30 நாளுக்குள் எல்லாம் போய்விடும். திருட்டு நடந்த இரவை மட்டும் எடுத்துவைப்பது தவறு. அன்று மாலை கடை மூடும்போது தட்டுகள் சேஃபுக்குள் போவதைக் காட்டும் அரை மணி நேரம்தான், எனக்குத் தெரிந்து, கடைக்காரருக்கு மிகவும் உதவும் பதிவு. அதைப் பிரதி எடுப்பவர் பாரதிய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் தர வேண்டும். கோப்பின் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்கும். பின்னால் ஒரு காட்சியை வெட்டினாலும் அந்த மதிப்பு மாறிவிடும்.

இவ்வளவும் கையில் வந்தபின் கடிதம் நீளமாக இருக்க வேண்டியதில்லை. இப்படி எழுதலாம்: 'புகாரில் சுமார் 300 பவுன் என்று தெரிவித்திருந்தோம். இருப்பைச் சரிபார்த்ததில் திருடுபோனது 2,312.700 கிராம் என்று தெரிகிறது. இதில் 240.400 கிராம் ஷோகேஸிலும் 2,072.300 கிராம் சேஃபிலும் இருந்தது. 86.250 கிராம் ஹால்மார்க் மையத்தில் உள்ளது, சலான் இணைத்துள்ளோம்.' எண் குறைந்துவிட்டதே என்று இதை எழுதத் தயங்குபவர்கள் உண்டு. தயங்க வேண்டாம். தோராயத்தைத் திருத்துவது பொய் ஆகாது. தெரிந்தே கூட்டிச் சொன்னது நிரூபணமானால்தான் முழு கோரிக்கையும் தள்ளுபடியாகும்.

திருத்திய எடையைக் காவல் நிலையத்திலும் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். பிறகு தங்கம் உருக்கிய கட்டியாக மீட்கப்பட்டால், நீதிமன்றத்தில் அதைக் கேட்கும்போது எச்.யூ.ஐ.டி. உதவாது, எடைதான் பேசும். இழப்பீடு ஏற்கெனவே வாங்கியிருந்தால் அந்தத் தொகை அளவுக்கு அந்தக் கட்டியின் மேல் உரிமை இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போகும்.