இலவச ஓடிடி சந்தா எந்தக் கணக்கில் போய் ஒட்டுகிறது?

பிராட்பேண்ட் பிளானுக்குப் பணம் கட்டியாயிற்று. அதோடு நெட்ஃபிளிக்ஸும் உண்டு என்று சொன்னதால்தான் அந்த பிளானையே எடுத்தோம். எஸ்.எம்.எஸ்ஸில் ஒரு லிங்க் வருகிறது. தொட்டால், சந்தா இணைக்கப்பட்டுவிட்டது என்கிறது திரை. ஆனால் வீட்டு டிவியில் ஓடும் கணக்குக்கு மாதம் பிறந்தால் வழக்கம்போலப் பணம் போகிறது. சந்தா தொலைந்துவிடவில்லை. வேறு யாருடைய கணக்கிலோ போய் உட்கார்ந்திருக்கிறது.

பிராட்பேண்ட் நிறுவனத்துக்குத் தெரிந்தது உங்கள் வாடிக்கையாளர் எண்ணும், பதிவு செய்த மொபைல் எண்ணும்தான். உங்கள் ஓடிடி கணக்கு எது என்பது அதற்குத் தெரியாது. அதனால் ஒரே ஒரு முறை பயன்படும் குறியீட்டை லிங்குக்குள் வைத்து அனுப்புகிறது. லிங்கைத் திறக்கும் ப்ரௌசரில் எந்தக் கணக்கு ஏற்கெனவே லாகின் ஆகியிருக்கிறதோ, அதோடு சந்தா சேர்ந்துவிடும். எதுவும் லாகின் ஆகாமல் இருந்தால் மின்னஞ்சல் முகவரி கேட்கும். அங்கே புதிதாக ஒரு முகவரியைக் கொடுத்தால் புதுக் கணக்கே உருவாகிவிடும். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஆப்பில் இருக்கும் லாகினும் ப்ரௌசரில் இருக்கும் லாகினும் தனித்தனி. ஆப்பில் சரியான கணக்கு இருப்பதால் மட்டும் லிங்க் அதைத் தேடிப் போகாது.

திருச்சியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். இணைப்பு அப்பா பெயரில், லிங்க் வந்ததும் அவர் போனுக்கு. தீபாவளிக்கு ஊருக்கு வந்த மகன் அதே போனின் ப்ரௌசரில் தன் நெட்ஃபிளிக்ஸ் கணக்கைத் திறந்துவிட்டு லாக்-அவுட் செய்யாமல் பெங்களூருக்குப் போய்விட்டார். வீட்டு டிவியில் ஓடுவதோ மகளின் கணக்கு, யுபிஐ ஆட்டோபேயில். அப்பா லிங்கைத் தொடுகிறார். மகனின் மின்னஞ்சல் முகவரி சின்ன எழுத்தில் தெரிகிறது. அவர் அதைப் பார்க்கவில்லை, உறுதி செய்யும் பொத்தானை அழுத்திவிடுகிறார். இனி மகனின் சந்தாவை பிராட்பேண்ட் ஏற்கும். மகளின் வங்கிக் கணக்கிலிருந்து மாதாமாதம் பணம் போய்க்கொண்டே இருக்கும். பிழை என்று எந்தத் திரையும் சொல்லாததால், வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வராது. இந்தச் சிக்கலில் எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

கண்டுபிடிக்க, டிவியில் படம் ஓடுகிறதா என்று பார்த்துப் பயனில்லை. ப்ரௌசரில் netflix.com/account பக்கத்தைத் திறந்து, பணம் செலுத்தும் விவரத்தைப் பாருங்கள். பிராட்பேண்ட் நிறுவனத்தின் பெயர் இருந்தால் சந்தா அங்கே சேர்ந்திருக்கிறது. கார்டோ யுபிஐயோ இருந்தால் சேரவில்லை. பிறகு, லிங்கைத் தொட்ட நாளில் யாருக்கு உறுதி மின்னஞ்சல் வந்தது என்று வீட்டில் எல்லோருடைய இன்பாக்ஸிலும் தேடினால் எங்கே போனது என்பது தெரிந்துவிடும்.

மொபைல் எண்ணால் லாகின் செய்யும் ஜியோஹாட்ஸ்டார் போன்றவற்றில் கதை வேறு. சந்தா அப்பாவின் எண்ணில் இருக்கும், டிவியோ மகளின் எண்ணில் லாகின் ஆகியிருக்கும். டிவியில் லாக்-அவுட் செய்து, அப்பாவின் எண்ணைக் கொடுத்து, அவர் போனுக்கு வரும் ஓடிபியைப் போட்டால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அமேசான் பிரைமில், ஒரே ஆள் மின்னஞ்சலில் ஒன்றும் மொபைல் எண்ணில் ஒன்றுமாக இரண்டு அமேசான் கணக்குகள் வைத்திருப்பது உண்டு. இரண்டையும் பார்த்துவிடுங்கள்.

தவறாகச் சேர்ந்துவிட்டால் அதே லிங்கைத் திரும்பத் திரும்பத் தொடுவதில் பலன் இல்லை, குறியீடு செலவாகிவிட்டது. பிராட்பேண்ட் நிறுவனத்தின் ஆப்பில் ஓடிடி பகுதியில் லிங்கை மறுபடி பெறவோ கணக்கை மாற்றவோ வழி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கஸ்டமர் கேரில், எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது, எதில் சேர வேண்டும் என்று இரண்டு முகவரிகளையும் சொல்லி, பழைய இணைப்பை நீக்கிப் புது லிங்க் கேளுங்கள். ஓடிடி நிறுவனமும் பிராட்பேண்ட் நிறுவனமும் மாறி மாறிக் கைகாட்டக்கூடும். அதனால் புகார் எண்ணைக் குறித்துக்கொள்வது அவசியம். கஸ்டமர் கேர் எண்ணை பில்லிலிருந்தோ ஆப்பிலிருந்தோ மட்டும் எடுங்கள். இணையத்தில் தேடினால் மோசடிக்காரர்களின் எண் கிடைத்துவிடலாம். சரிசெய்கிறேன் என்று ஓடிபி கேட்பவரிடம் உடனே போனை வையுங்கள். அப்படியும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது.

புது லிங்க் வந்ததும் தொடாதீர்கள். அதை அழுத்திப் பிடித்து காப்பி செய்து, குரோமில் இன்காக்னிட்டோ டேபைத் திறந்து அங்கே ஒட்டுங்கள். அங்கே பழைய லாகின் எதுவும் இருக்காது, எந்தக் கணக்கு என்பதை நீங்களே கொடுத்தாக வேண்டும். உறுதி செய்யும் முன் திரையில் தெரியும் முகவரியை எழுத்து எழுத்தாகப் படியுங்கள். இணைந்த பிறகு, இனி தேவைப்படாத கணக்கு வேறு ஏதேனும் இருந்தால் அதன் சந்தாவை நீங்களே ரத்து செய்ய வேண்டும். யுபிஐ ஆப்பின் ஆட்டோபே பகுதியில் அந்தப் பெயர் இன்னும் நடப்பில் இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.