தலைப்பை மாற்றிய பிறகும் கூகுளில் ஏன் பழையதே வருகிறது?

என் உறவினர் தையல் பயிற்சி நிலையம் நடத்துகிறார். ஞாயிறு வகுப்பைச் சனிக்கிழமைக்கு மாற்றியவர், 3ஆம் தேதியே இணையப் பக்கத்தின் தலைப்பையும் திருத்திவிட்டார். ஆனால் 10ஆம் தேதியும் கூகுளில் ‘ஞாயிறு தையல் வகுப்பு’ என்றே வந்தது. அதை நம்பி ஞாயிற்றுக்கிழமை வந்த இரண்டு பெண்கள் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிப் போனார்கள்.

நாம் தேடும் நேரத்தில் கூகுள் அந்தப் பக்கத்தைப் போய்ப் பார்ப்பதில்லை. முன்பு வந்து படித்துத் தன் அட்டவணையில் குறித்து வைத்ததைத்தான் எடுத்துக் காட்டுகிறது. அப்படிப் படிக்க வருவது கூகுள்பாட் என்ற நிரல். அது மறுபடி வந்து படித்து, அட்டவணையிலும் திருத்தம் ஏறினால்தான் புதுத் தலைப்பு தெரியும். அடிக்கடி செய்தி ஏறும் தளத்துக்கு ஒரே நாளில் பலமுறை வரும். மாதக்கணக்கில் மாறாத பக்கத்தை எட்டிப் பார்க்க வாரக்கணக்கில் ஆகலாம்.

வந்ததா என்று ஊகிக்க வேண்டியதில்லை. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் இலவசமாகத் தரும் Search Console-இல், URL Inspection பகுதியில் பக்க முகவரியைக் கொடுத்தால், Last crawl என்ற இடத்தில் கடைசியாக வந்த தேதி இருக்கும். உறவினரின் பக்கத்துக்கு அது முந்தைய மாதம் 22. அதாவது, கூகுள் புதுத் தலைப்பை இன்னும் பார்க்கவே இல்லை. அங்கேயே Request Indexing பொத்தானை அழுத்தினோம். அது வரிசையில் பெயர் கொடுப்பது போலத்தான். சில நாளிலிருந்து சில வாரம் வரை ஆகலாம். திரும்பத் திரும்ப அழுத்தினாலும் வேகம் கூடாது.

14ஆம் தேதி கூகுள்பாட் வந்துபோனது. நான்கு நாள் கழித்தும் பழைய தலைப்பே. பக்கத்தின் நிரலைத் திறந்து பார்த்தோம்:

```html
<title>சனிக்கிழமை தையல் வகுப்பு</title>
<h1>ஞாயிறு தையல் வகுப்பு</h1>
```

`title` பிரவுசர் டேப்பில் தெரிவது. `h1` பக்கத்துக்குள் பெரிய எழுத்தில் தெரிவது. உறவினர் முதலாவதை மட்டுமே மாற்றியிருந்தார். கூகுள் பெரும்பாலும் `title`-ஐத்தான் எடுத்துக்கொள்ளும். தலைப்பு தேர்ந்தெடுக்கும் முறையை மாற்றிய 2021இல், 87 சதவீத முடிவுகளில் அப்படி எடுப்பதாகக் கூகுளே சொன்னது. மற்றவற்றில் `h1`-இலிருந்தோ, பிற பக்கங்கள் இணைப்புக்கு வைத்த சொற்களிலிருந்தோ எடுக்கும். `title` ஒன்றும் `h1` வேறொன்றும் சொன்னால், எது சரி என்று அதற்கு எப்படித் தெரியும்?

`h1`-ஐத் திருத்தினோம். முகப்புப் பக்கத்து இணைப்பிலும் ‘ஞாயிறு’ இருந்தது. அதையும் மாற்றிவிட்டு, மறுபடி ஒருமுறை விண்ணப்பித்தோம். 25ஆம் தேதி கூகுளில் சனிக்கிழமை வந்தது.

Last crawl தேதி திருத்திய நாளுக்கு முந்தையதா, விண்ணப்பித்துவிட்டுக் காத்திருங்கள். பிந்தியதாக இருந்தும் சில நாளில் தலைப்பு மாறவில்லையா, பழைய சொல் தளத்தில் வேறெங்காவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேடுங்கள்.