மாத்திரை டப்பா வாங்கியாச்சா? நிரப்புறதுக்கு முன்னாடி மீதி மாத்திரையை எண்ணுங்க!

கலசப்பாக்கம்:-

திருவண்ணாமலை மாவட்டம் கலசப்பாக்கம், ஆரணி சுற்றுவட்டாரத்தில் பட்டு நெசவை நம்பி வாழும் குடும்பங்கள் ஏராளம். வயசான அம்மா, அப்பாவும் சும்மா இருப்பதில்லை. தார் சுற்றிக் கொடுப்பது, நூல் பிரிப்பது என்று தறி வேலையில் கை கொடுக்கிறார்கள். இவர்களில் பலருக்கு சர்க்கரை, பி.பி., தைராய்டு என்று தினமும் 6, 7 மாத்திரை. தறியில் உட்கார்ந்து விட்டால் வேளை தெரிவதில்லை, மாத்திரை மறந்து போகிறது.

இதற்காக 7 கிழமைக்கும் அறை பிரித்த பிளாஸ்டிக் மாத்திரை டப்பாவை பிள்ளைகள் வாங்கி வருகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் வாங்கிய அன்றைக்கே நிரப்பிக் கொடுத்தால் அதுவே ஆபத்தாக முடியலாம். அது எப்படி?

மறந்தவர் திடீரென்று ஒழுங்காக போட்டால்...

மறந்து மறந்து மாத்திரை போடுகிறவருக்கு பி.பி.யும் சர்க்கரையும் குறையாது. டாக்டரிடம் கேட்டால், "எல்லாம் போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் சார்" என்பார்கள். டாக்டர் என்ன செய்வார்? மாத்திரை பத்தவில்லை என்று நினைத்து அளவை கூட்டுவார். இல்லை, இன்னொரு மாத்திரையை சேர்ப்பார். இப்படியே சீட்டில் அளவு ஏறிக்கொண்டே போகும். ஆனால் வயிற்றுக்குள் போவது பாதிதான்.

இந்த நேரத்தில் மகன் டப்பா வாங்கி, சீட்டில் உள்ளதை எல்லாம் ஒரு வேளை விடாமல் கொடுக்க ஆரம்பித்தால், கூட்டிய அளவு முழுசும் முதல் தடவையாக உடம்புக்குள் போகும். பி.பி. சட்டென்று இறங்கும், சர்க்கரை தாழ்ந்து போகும். எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழுந்து இடுப்பு எலும்பு முறிவது வரை போகலாம்.

இங்கிலாந்தில் ஈஸ்ட் ஆங்கிலியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016-ம் ஆண்டு வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில் இதே எச்சரிக்கையைத்தான் சொன்னார்கள். விட்டு விட்டு மருந்து சாப்பிட்ட முதியவர்கள் டப்பாவுக்கு மாறியதும் சிலருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அதற்காக ஏற்கனவே டப்பா வைத்து நன்றாக இருப்பவர்கள் அதை நிறுத்த வேண்டியது இல்லை. புதிதாக மாறுகிறவர்கள் முதலில் டாக்டரிடம் பேச வேண்டும் என்பதுதான் விஷயம்.

ஒரு வீட்டு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக் கொள்வோம். அம்மாவுக்கு வயது 72. தனியார் டாக்டரை பார்த்து 20 நாள் ஆகிறது. சர்க்கரை குறையவில்லை என்று கிளிமிபிரைடு மாத்திரையை 1 மில்லிகிராமில் இருந்து 2 மில்லிகிராமாக கூட்டி 30 மாத்திரை எழுதினார். பி.பி.க்கு டெல்மிசார்டன், அம்லோடிபின் இரண்டும் சேர்ந்த மாத்திரை 30. இவை தவிர காலை, இரவு மெட்பார்மின், மதியம் ஆஸ்பிரின், கால்சியம், இரவு கொழுப்புக்கு அட்டர்வாஸ்டாட்டின்.

மகன் எல்லா அட்டையையும் பாயில் கொட்டி எண்ணுகிறார். 20 நாளில் 20 கிளிமிபிரைடு போயிருக்க வேண்டும், 10 மீதி இருக்க வேண்டும். இருப்பதோ 18. அப்படியென்றால் போட்டது 12 தான். பி.பி. மாத்திரை 19 மீதி. போட்டது 11.

"யம்மா, தினமும் போட்டேன்னு சொன்னியே?"

"போட்டாத்தான் தலை சுத்துதேப்பா. நிறைய வேலை இருக்கிற நாள்ல விட்டுடுவேன்."

இந்த ஒரு பதில்தான் டாக்டருக்கு தேவை. இது தெரியாமல்தான் அவர் அளவை கூட்டினார். பெற்றோரை திட்டினால் அடுத்த தடவை அட்டையை ஒளித்து வைத்து விடுவார்கள். அதனால் திட்டாமல் எண்ணிக்கையை மட்டும் ஒரு பேப்பரில் எழுதிக் கொள்ளுங்கள்.

பெயர் வேறு, மருந்து ஒன்று

அதே பாயில் இன்னொரு அட்டையும் கிடக்கிறது. 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 5-ந்தேதி தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்த அம்லோடிபின் 5 மில்லிகிராம். அந்த அட்டை பிரிக்கவே இல்லை.

தனியார் டாக்டர் எழுதிய சேர்மான மாத்திரையிலும் இதே அம்லோடிபின் இருக்கிறது. அட்டையின் முன்பக்கம் கம்பெனி பெயர் பெரிசாக இருப்பதால் தெரிவதில்லை. பெரிய எழுத்தை விட்டுவிட்டு அதன் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்து பெயரை படிக்க வேண்டும். ஒரே பெயர் இரண்டு அட்டையில் வந்தால் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டையும் டப்பாவில் போட்டால் அம்மாவுக்கு ஒரே மருந்து இரட்டிப்பாக போகும். மெட்பார்மினும் இப்படித்தான் இரண்டு பக்கமும் வந்து சேரும்.

அத்தனை அட்டையையும் ஒரு பையில் போட்டு, எண்ணி எழுதிய பேப்பரையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போக வேண்டும். "இவ்வளவு மீதி இருக்கு சார், பாதி நாள் போடல. இனிமே டப்பாவுல ஒழுங்கா குடுக்கப் போறோம். இதே அளவு குடுக்கலாமா?" என்று கேளுங்கள். இந்த அம்மாவுக்கு டாக்டர் கிளிமிபிரைடை மறுபடியும் 1 மில்லிகிராம் ஆக்கி, தனி அம்லோடிபினை நிறுத்தச் சொன்னார் என்று வைத்துக் கொள்வோம். அந்த முடிவு அவருடையது. நாமாக எந்த மாத்திரையையும் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

நிரப்புவது எப்படி?

கடையில் கிடைக்கும் டப்பாவில் ஒரு நாளைக்கு 4 அறை, 7 நாளைக்கு 28 அறை. கிழமையும் வேளையும் இங்கிலீஷில் இருக்கும். அதன் மேல் வெள்ளை பேப்பர் ஒட்டி தமிழில் பெரிசாக எழுதுங்கள். இந்த அம்மாவுக்கு 4 அறையும் இப்படி:-

காலை சாப்பாட்டுக்கு முன் – கிளிமிபிரைடு (1 மாத்திரை)
காலை சாப்பாட்டுக்கு பின் – மெட்பார்மின், பி.பி. மாத்திரை (2)
மதியம் சாப்பாட்டுக்கு பின் – ஆஸ்பிரின், கால்சியம் (2)
இரவு சாப்பாட்டுக்கு பின் – மெட்பார்மின், அட்டர்வாஸ்டாட்டின் (2)

ஒரு நாளைக்கு 7 மாத்திரை, வாரத்துக்கு 49. திங்கட்கிழமையை முழுசாக முடித்துவிட்டு செவ்வாய்க்கு போகாதீர்கள். ஒரு மருந்தை எடுத்தால் 7 நாளுக்கும் அதை மட்டும் போட்டு முடித்துவிட்டு அடுத்த மருந்தை எடுங்கள். 10 மாத்திரை உள்ள புது அட்டையில் 7 போனால் 3 மீதி நிற்க வேண்டும். 2 நின்றால் ஏதோ ஒரு அறையில் இரண்டு விழுந்திருக்கிறது என்று உடனே தெரிந்துவிடும்.

ஒரு வாரத்துக்கு மேல் நிரப்ப வேண்டாம். அட்டையை விட்டு வெளியே வந்த மாத்திரையில் ஈரம் ஏறும். அதற்காக அட்டையோடு கத்தரித்தும் போடாதீர்கள். கண் சரியாக தெரியாதவர்கள் பாயில் முனையோடு சேர்த்து விழுங்கினால் தொண்டையையும் குடலையும் கிழித்துவிடும். பெயர் உள்ள அட்டையை தூக்கி எறியாமல் டப்பாவுக்கு பக்கத்திலேயே வையுங்கள். வெள்ளை வெள்ளையாக கிடக்கும் மாத்திரையில் எது எது என்று டாக்டர் போனில் கேட்டால் பார்த்துச் சொல்ல அதுதான் உதவும்.

டப்பாவுக்குள் போகக்கூடாதவை

தைராய்டு மாத்திரை (தைராக்சின்) ஈரமும் வெளிச்சமும் படக்கூடாது. அது பாட்டிலில் வந்தால் பாட்டிலிலேயே இருக்கட்டும். காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தனியாக போட வேண்டியது என்பதால் தண்ணீர் சொம்பு பக்கத்தில் வைத்துவிடலாம். கால்சியத்துக்கும் அதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மதியத்துக்கு கால்சியத்தை தள்ளியது அதனால்தான்.

நெஞ்சு வலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையும், எப்போதாவது போடும் காய்ச்சல், வலி மாத்திரையும் டப்பாவில் சேராது.

முடக்குவாதத்துக்கு கொடுக்கும் மெத்தோடிரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் போடுவது. தெரியாமல் 7 அறையிலும் போட்டுவிட்டால் உயிருக்கே ஆபத்து. அதை தனியாக வைத்து, கிழமையை பெரிசாக எழுதி, பிள்ளைகள் கையால் கொடுக்க வேண்டும்.

முதல் 2 வாரம் உஷார்

டப்பா ஆரம்பித்த முதல் 2 வாரம் வீட்டில் ஒருவர் கவனித்தே ஆக வேண்டும். பி.பி. மெஷின் இருந்தால் உட்கார்ந்தபடி ஒரு தடவை, எழுந்து நின்று 1 நிமிடம் கழித்து ஒரு தடவை, 3 நிமிடத்தில் இன்னொரு தடவை பாருங்கள். மேல் அளவு 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, நிற்கும்போது கண் இருட்டினாலோ அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள்.

கிளிமிபிரைடு போட்டுவிட்டு தறி வேலையில் சாப்பாடு தள்ளிப் போவதுதான் பெரிய வம்பு. தட்டில் சாப்பாடு வந்த பிறகு அந்த அறையை திறக்கச் சொல்லுங்கள். திடீரென்று வியர்த்துக் கொட்டுவது, கை நடுக்கம், படபடப்பு, பேச்சு குழறுவது எல்லாம் சர்க்கரை தாழ்ந்ததன் அடையாளம். மெஷினில் 70-க்கு கீழே காட்டும். உடனே 3 ஸ்பூன் சர்க்கரையை தண்ணீரில் கரைத்து குடிக்க வையுங்கள். 15 நிமிடம் கழித்தும் தெளியாவிட்டால் மறுபடியும் கொடுங்கள். தெளிந்ததும் சாப்பாடு கொடுங்கள். இந்த மாத்திரையின் வேகம் பல மணி நேரம் நிற்பதால் மறுபடியும் தாழலாம், எனவே ஆஸ்பத்திரிக்கு போவது நல்லது. நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ கூப்பிடுங்கள்.

சாயங்காலம் பார்க்கும்போது காலை அறை மூடியபடியே கிடந்தால் இரவில் இரண்டு வேளைக்கும் சேர்த்துக் கொடுக்காதீர்கள். விட்டது விட்டதுதான். எந்த கிழமை, எந்த வேளை என்று எழுதி மட்டும் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை டப்பாவை மறுபடி நிரப்பும்போது மீதி எத்தனை என்று எண்ணுங்கள். எண்ணிக்கை தொடர்ந்து இடித்தால் ஏன் விடுகிறார்கள் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். தலை சுற்றல், வயிற்று எரிச்சல் என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். அதை டாக்டரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றித்தர வழி உண்டு.