கணக்கை மூடலாம், காசை வைத்துக்கொள்ளலாமா?

ஆன்லைன் கடை ஒன்று, 'விதிமீறல்' என்ற ஒற்றைச் சொல்லோடு ஒருவரின் கணக்கை மூடிவிடுகிறது. வாலட்டில் 8,640 ரூபாய் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்கு மனு எழுத உட்காரும்போது, கணக்கைத் திறந்து தரச் சொல்லித்தான் முதலில் எழுதத் தோன்றும். என் பார்வையில் அது பலவீனமான கோரிக்கை. யாரோடு வியாபாரம் செய்வது என்பதில் தனக்கு உரிமை இருப்பதாக நிறுவனம் வாதாடும். அடுத்தவர் பணத்தைத் தக்கவைக்க அந்த வாதம் போதாது. மனு அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும்.

அதற்கு முதலில் தொகையைப் பிரித்துக் காட்ட வேண்டும். யுபிஐயில் வாங்கிச் சேர்த்த கிஃப்ட் கார்டு 5,000 ரூபாய். திருப்பி அனுப்பிய குக்கருக்கு வந்த ரீஃபண்ட் 2,890. மீதி 750 சலுகை கேஷ்பேக். முதல் இரண்டும், அதாவது 7,890 ரூபாய், வாங்கியவரின் சொந்தப் பணம். கேஷ்பேக் நிபந்தனையோடு கொடுத்தது. எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டால், எதிர்தரப்பு கேஷ்பேக் நிபந்தனையை மட்டும் காட்டி முழுத் தொகையையும் மறுக்கப் பார்க்கும்.

கணக்கோடு சேர்ந்து சான்றும் பூட்டப்பட்டுவிடுவதுதான் இதில் பெரிய சிக்கல். வாலட் பக்கத்தை இனிப் பார்க்க முடியாது. ஆகவே வங்கி ஸ்டேட்மெண்ட், யுபிஐ பரிவர்த்தனை எண், ரீஃபண்ட் குறுஞ்செய்தி, கிஃப்ட் கார்டு மின்னஞ்சல் இவற்றைக் கொண்டு கணக்கை மறுபடி கட்ட வேண்டும். இந்த அச்சுப் படிகளோடு, பாரதிய சாட்சிய சட்டம் 63ஆம் பிரிவின்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழையும் இணைப்பது நல்லது.

மனுவுக்கு முன், நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத வேண்டும். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பதில் வராவிட்டால், அந்த மௌனத்தையே சேவைக் குறைபாட்டுக்குச் சான்றாக மனுவில் வைக்கலாம். ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற வாலட் என்றால் அதன் ஆம்பட்ஸ்மேனிடம் முறையிடும் வழியும் உண்டு. அந்தக் கடையில் மட்டும் செல்லும் வாலட்டுக்கு அது பொருந்தாது.

மனுவைத் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே, இரண்டு ஆண்டுகளுக்குள் தாக்கல் செய்யலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. கேட்க வேண்டியவை 7,890 ரூபாய், அதற்கு வட்டி, மன உளைச்சலுக்கு நியாயமான இழப்பீடு, வழக்குச் செலவு. கணக்கை மூடிய காரணத்தை எழுத்தில் தரும்படியும் கேட்கலாம்.

எதிர்தரப்பு எடுக்கக்கூடிய வலுவான ஆயுதம், 'இவர் மொத்தமாக வாங்கி மறுவிற்பனை செய்தார்' என்பது. அது நிரூபணமானால் அவர் நுகர்வோர் என்ற தகுதியையே இழக்கக்கூடும். எனவே வாங்கியவை வீட்டு உபயோகத்துக்கே என்று மனுவின் தொடக்கத்திலேயே எழுதி, கையில் உள்ள பில்களை இணைத்துவிட வேண்டும்.