வெயிலில் ஏறும் தண்ணீர்

மொட்டைமாடித் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று ஏணி ஏறாமல் தெரிந்துகொள்ள, பலர் இப்போது வீட்டிலேயே ஒரு சின்னக் கருவி செய்துகொள்கிறார்கள். தொட்டி மூடியின் உட்பக்கத்தில் ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், அதோடு ஓர் ஆர்டுயினோ பலகை, கீழே கூடத்தில் ஒரு குட்டித் திரை. அவ்வளவுதான். மார்கழி, தை மாதங்களில் இது குறையில்லாமல் வேலை செய்யும். சித்திரை பிறந்ததும் ஒரு வேடிக்கை தொடங்கும். அதிகாலையில் பார்த்த நீர்மட்டம் மதியம் இரண்டு மணிக்கு நாலு சென்டிமீட்டர் ஏறியிருக்கும். மோட்டார் ஓடியிருக்காது, மழையும் பெய்திருக்காது. பொழுது சாய்ந்ததும் மட்டம் தானாக இறங்கிவிடும்.

சென்சார் கெட்டுவிட்டது என்று கழற்றி எறிந்துவிட வேண்டாம். அது சொன்னது சரிதான், நாம்தான் தப்பாகக் கணக்குப் போட்டோம்.

சென்சார் தூரத்தை அளப்பதே இல்லை. அது அளப்பது நேரத்தை. பரவலாகக் கிடைக்கும் HC-SR04 வகையை எடுத்துக்கொண்டால், ஆர்டுயினோ அதற்கு 10 மைக்ரோவிநாடி நீளமுள்ள ஒரு துடிப்பைக் கொடுக்கும். சென்சார் உடனே விநாடிக்கு 40,000 அதிர்வு கொண்ட, நம் காதுக்கு எட்டாத ஒலியை எட்டுத் துடிப்புகளாக அனுப்பும். அந்த ஒலி கீழே போய்த் தண்ணீரில் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆனதோ, அதை மைக்ரோவிநாடிக் கணக்கில் சொல்லும். இதைத் தூரமாக மாற்றுவது நம் புரோகிராமின் வேலை. பெரும்பாலான புரோகிராம்களில் அந்த மாற்றம் ஒரே வரியில் முடிந்துவிடுகிறது: வந்த எண்ணை 58-ஆல் வகுத்தால் சென்டிமீட்டர்.

இந்த 58-இல்தான் கோளாறு இருக்கிறது. ஒரு சென்டிமீட்டர் போய்த் திரும்ப 58 மைக்ரோவிநாடி ஆகும் என்றால், ஒலி விநாடிக்கு சுமார் 345 மீட்டர் வேகத்தில் போகிறது என்று பொருள். காற்று ஏறக்குறைய 22 டிகிரி செல்சியஸில் இருக்கும்போது மட்டுமே அது உண்மை. குளிரூட்டிய அறையில் மேசைமீது வைத்துச் சோதிப்பவருக்கு இது பொருந்தும். சித்திரை வெயிலில் காயும் பிளாஸ்டிக் தொட்டிக்குப் பொருந்தாது.

காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும். மூலக்கூறுகள் ஒன்றையொன்று இடித்துத்தான் ஒலியைக் கடத்துகின்றன. சூடு ஏறினால் அவற்றின் ஓட்டமும் கூடுகிறது, இடியும் சீக்கிரம் கைமாறுகிறது. சுழியம் டிகிரியில் உலர்ந்த காற்றில் விநாடிக்கு 331.3 மீட்டர். அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.6 மீட்டர் கூடும். காற்றழுத்தத்துக்கு இதில் பங்கு இல்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். ஊட்டியில் காற்று லேசானது, அதனால் அங்கே ஒலி மெதுவாகப் போகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அழுத்தம் குறையும்போது அடர்த்தியும் அதே விகிதத்தில் குறைவதால் ஒன்று மற்றதை ஈடுகட்டிவிடுகிறது. ஊட்டியில் ஒலி மெதுவாகப் போவது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் குளிர்.

இனி அந்த நாலு சென்டிமீட்டரைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சென்சாருக்கும் தண்ணீருக்கும் இடையில் சரியாக 120 சென்டிமீட்டர் இருக்கட்டும். விடியற்காலையில் தொட்டிக்குள் காற்று 25 டிகிரி. ஒலியின் வேகம் 346.45 மீட்டர். போய்வர 2.4 மீட்டர் என்பதால் நேரம் 6,927 மைக்ரோவிநாடி. 58-ஆல் வகுத்தால் 119.4 சென்டிமீட்டர். பரவாயில்லை. மதியம் உள்ளே 45 டிகிரி ஆகிவிட்டது. வேகம் 358.57 மீட்டர், நேரம் 6,693 மைக்ரோவிநாடி. அதை 58-ஆல் வகுத்தால் 115.4. தண்ணீர் அசையவே இல்லை. எதிரொலி கொஞ்சம் முந்தி வந்துவிட்டது, அதனால் தண்ணீர் பக்கத்தில் வந்துவிட்டதாகப் புரோகிராம் நினைத்துக்கொண்டது. தொட்டியின் உள்விட்டம் 1.3 மீட்டர் என்றால் அந்த நாலு சென்டிமீட்டர் ஐம்பது லிட்டருக்கு மேல். இல்லாத மூன்று குடம் தண்ணீரைத் திரை இருப்பதாகக் காட்டுகிறது.

இந்தப் பிழையின் குணம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது தூரத்தோடு சேர்ந்து வளரும். தொட்டி நிறைந்து தண்ணீர் 25 சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கும்போது, அதே மதிய வெயிலில் பிழை ஒரு சென்டிமீட்டரைத் தாண்டாது. தொட்டி காலியாகிக்கொண்டிருக்கும்போதுதான், அதாவது மோட்டாரைப் போடலாமா என்று நாம் திரையைப் பார்க்கும் நேரத்தில்தான், அது பெரிதாகிறது. நோயைக் கண்டுபிடிக்கவும் இதுவே வழி. தொட்டி நிறைந்திருக்கும்போது ஒருமுறையும், குறைந்திருக்கும்போது ஒருமுறையும் அளவுகோலால் அளந்து திரையோடு ஒப்பிடுங்கள். இரண்டு இடத்திலும் ஒரே அளவு தள்ளியிருந்தால் சென்சாரைப் பொருத்திய உயரத்தில் தவறு. தூரம் கூடக்கூடத் தவறும் கூடினால் ஒலிவேகத்தில் தவறு.

மருந்து எளியது. தொட்டிக்குள் ஒரு வெப்பமானியையும் தொங்கவிட வேண்டும். DS18B20 என்ற டிஜிட்டல் வெப்பமானி இதற்கு ஏற்றது. துருப்பிடிக்காத எஃகுக் குழாய்க்குள் அடைத்து, நீளமான வயரோடு, தண்ணீர் புகாத வடிவில் கிடைக்கிறது. அரை டிகிரி வரை பிழை இருக்கலாம். அந்த அரை டிகிரியால் 120 சென்டிமீட்டரில் வரும் தவறு ஒரு மில்லிமீட்டர்தான். டேட்டா வயருக்கும் மின்வழங்கல் வயருக்கும் இடையே 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட மறக்கக் கூடாது. பிறகு 58-ஐ எடுத்துவிட்டு இப்படி எழுதலாம்:

```
long us = pulseIn(ECHO, HIGH, 30000);
float c = 331.3 + 0.606 * t;
float cm = us * c / 20000.0;
```

இங்கே `t` என்பது வெப்பநிலை, `c` ஒலிவேகம். 20000 என்ற எண் மைக்ரோவிநாடியையும் மீட்டரையும் சென்டிமீட்டராக்கி, போய்வந்த தூரத்தைப் பாதியாக்குவதற்கு. மதியத்தின் 6,693-ஐயும் 45-ஐயும் போட்டுப் பாருங்கள், 120 வரும்.

இதற்குப் பிறகு புதிதாக ஒரு கோளாறு முளைக்கும். DS18B20-க்கு ஒருமுறை அளந்து முடிக்க முழுத் துல்லியத்தில் முக்கால் விநாடி வேண்டும். மின்சாரம் போய் வந்தவுடன், அளந்து முடிப்பதற்குள் அதைக் கேட்டால் 85 டிகிரி என்று சொல்லும். அது அளந்த வெப்பநிலை அல்ல, விழித்தெழும்போது அதனிடம் இருக்கும் தொடக்க எண். வயர் பிடுங்கிக்கொண்டாலோ, வழக்கமான லைப்ரரி -127 என்று தரும். இரண்டையும் அப்படியே சூத்திரத்தில் போட்டால் விடியற்காலையின் 120 சென்டிமீட்டர் முதல் முறை சுமார் 133 ஆகவும், இரண்டாம் முறை 88 ஆகவும் திரையில் வரும். வெப்பநிலை 5-க்குக் கீழோ 70-க்கு மேலோ போனால் அதைத் தள்ளிவிட்டு முந்தைய நல்ல எண்ணையே வைத்துக்கொள்ளும்படி ஒரு வரி எழுதினால் இந்தத் தொல்லை இல்லை.

அதைவிட முக்கியமானது, வெப்பமானியை எங்கே தொங்கவிடுகிறோம் என்பது. வசதிக்காகப் பலர் அதைச் சென்சாரின் பக்கத்திலேயே, மூடியோடு ஒட்டிக் கட்டிவிடுகிறார்கள். மூடிதான் தொட்டியிலேயே அதிகம் கொதிக்கும் இடம். சூடான காற்று மேலே நிற்கும், தண்ணீரை ஒட்டிய காற்று குளிர்ந்திருக்கும். மூடியருகே 50 டிகிரி, நீர்ப்பரப்புக்கு மேலே 34 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். ஒலி இந்த இரண்டையும் கடந்து போவதால் அதற்குக் கணக்கு சராசரியான 42 டிகிரி. நாம் 50-ஐக் கொடுத்தால் 120 சென்டிமீட்டரை 121.6 என்று சொல்லும். இப்போது மதியத்தில் தண்ணீர் ஏறுவதற்குப் பதில் இறங்கும்! திருத்தம் அளவுக்கு மீறிவிட்டது என்பதற்கு இதுவே அடையாளம். வெப்பமானியைக் காற்றுத் தூணின் நடு உயரத்தில், மூடியையும் சுவரையும் தொடாமல், சென்சாரின் நேர்ப்பாதைக்கு விலகித் தொங்கவிடுங்கள். நீர்மட்டம் அதிகமாக ஏறி இறங்கும் தொட்டியில், மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டைப் போட்டுச் சராசரி எடுக்கலாம். ஒரே டேட்டா வயரில் இரண்டும் வேலை செய்யும். கீழே உள்ளது தண்ணீருக்குள் மூழ்கிவிட்டாலும் மோசமில்லை, நீர்ப்பரப்பை ஒட்டிய காற்றின் சூடு தண்ணீரின் சூட்டுக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

இவ்வளவு செய்தும் மிஞ்சுவது ஈரப்பதம். நீராவி காற்றைவிட லேசானது, அதனால் ஈரக்காற்றில் ஒலி கொஞ்சம் வேகமாகப் போகும். மூடிய தொட்டிக்குள் காற்று எப்போதும் ஈரம் நிறைந்தே இருக்கும். 20 டிகிரியில் அதனால் வரும் மாற்றம் அரை சதவீதத்துக்கும் குறைவு. 40 டிகிரியில் அது ஒரு சதவீதத்தைத் தாண்டலாம், 120 சென்டிமீட்டரில் அது ஒன்றரை சென்டிமீட்டர் வரை. நம் எளிய சூத்திரம் 45 டிகிரியில் உண்மையைவிட விநாடிக்கு ஒரு மீட்டர் அளவு கூடுதலாகச் சொல்லும். ஈரமும் வேகத்தைக் கூட்டுவதால் அந்தப் பிழை இங்கே நமக்கு உதவியாகவே அமைகிறது.

மில்லிமீட்டர் துல்லியம் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு வேறு வழி உண்டு. வெப்பமானியை விட்டுவிட்டு இரண்டாவது சென்சார் ஒன்றை, சரியாக 50 சென்டிமீட்டர் தள்ளி நிறுத்திய தகட்டைப் பார்த்தபடி அதே காற்றில் மாட்டுவது. தூரம் தெரியும், நேரம் கிடைக்கும், வேகம் தானாக வந்துவிடும். சூடு, ஈரம் எல்லாம் அதற்குள் அடக்கம். இரண்டு சென்சாரையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிட்டால் ஒன்றின் எதிரொலியை மற்றது வாங்கிக்கொள்ளும். நடுவில் 60 மில்லிவிநாடியாவது இடைவெளி விட வேண்டும்.

வீட்டுத் தொட்டிக்கு இது தேவையில்லை என்பது என் கருத்து. நடு உயரத்தில் ஒரு வெப்பமானி போதும், நாலு சென்டிமீட்டர் ஆட்டம் ஒன்றிரண்டில் அடங்கிவிடும். திறந்த முகமுள்ள HC-SR04-ஐத் தொட்டிக்குள் வைத்தால் நீராவி படிந்து நாளடைவில் கெட்டுவிடும். தண்ணீர் புகாத JSN-SR04T வாங்குங்கள். அது முதல் 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதைச் சரியாக அளக்காது. எனவே தொட்டி நிறைந்தாலும் தண்ணீருக்கும் சென்சாருக்கும் இடையே அந்த அளவு இடம் இருக்கும்படி உயர்த்திப் பொருத்துங்கள். திரையில் எண் சரியாக வரத் தொடங்கியதும், மோட்டாரை நிறுத்தும் பழைய மிதவை சுவிட்சை மட்டும் கழற்றிவிடாதீர்கள்.