தலையைச் சுற்றி ஏன் அந்த வெளிறிய கோடு?

வீடியோ அழைப்பில் பின்னணிப் படம் வைத்ததும் பலருக்குத் தலைமுடியைச் சுற்றி வெளிறிய கோடு தெரியும். மென்பொருள் ஒவ்வொரு பிக்சலையும் ஆளா, சுவரா என்று பிரிக்கிறது. முடி நுனியிலோ ஒரே பிக்சலில் இரண்டும் கலந்திருக்கும். முடியோடு சுவரின் நிறமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது.

வெள்ளைச் சுவர் முன் அமர்ந்தவர் கருநீலப் படம் வைத்தால் அந்த மிச்சம் பளிச்சிடும். வெளிர் சாம்பல் படத்தில் அது கண்ணில் படாது.

ஆகவே 1920 × 1080 பிக்சல் படத்தில், தலைக்குப் பின்னால் வரும் நடுப்பகுதியைச் சுவரின் வெளிச்சத்துக்கு நெருக்கமான நிறத்தில், சற்று மங்கலாக அமைக்க வேண்டும். அலமாரி, ஜன்னல் கம்பி போன்ற நேர்கோடுகள் அங்கே இருந்தால் விளிம்பு நடுங்குவது எடுப்பாகத் தெரியும். அவற்றை ஓரத்துக்குத் தள்ளிவிடலாம். சட்டையே சுவரின் நிறத்தில் இருந்தால், எவ்வளவு நல்ல படமானாலும் தோள் பாதி மறைந்துபோகலாம்.